ஒன்பது மணி நேரத்துல நாலு நிமிஷம்

அக்கா கல்யாணத்தை ஷூட் பண்ணவங்க வேற, அதை எடிட் பண்ணவர் வேற. சத்துவாச்சாரி பக்கம் இப்போ இது சகஜமாயிடுச்சு. ஸ்டூடியோக்காரங்க "டேட்டா மட்டும்"னு ஒரு பேக்கேஜ் வெச்சிருக்காங்க. ரெண்டு கேமரா வரும், எடுத்ததை எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. எடிட்டிங் நம்ம பொறுப்பு. செலவு குறையும், பிடிச்ச எடிட்டரை நாமே பார்த்துக்கலாம். வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்கிறதால, கோயம்புத்தூர்ல ஃப்ரீலான்ஸா வேலை பார்க்கிற ஒரு எடிட்டர் அண்ணாகிட்ட பேசுற வேலை என் தலையில விழுந்தது.

போன்ல அவர் கேட்ட முதல் விஷயம் பட்ஜெட் இல்லை. "தம்பி, என்ன வேணும்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்க. சினிமாட்டிக், கிராண்ட், எமோஷனல், இந்த மூணு வார்த்தையும் அதுல வரக்கூடாது"ன்னாரு. அந்த மூணையும் எடுத்துட்டா எழுத என்ன மிச்சம் இருக்குன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். நிறையவே இருந்தது. அந்த ரெண்டு பக்கத்துல என்ன எழுதினோம், ஏன் எழுதினோம்கிறதுதான் இந்தக் கட்டுரை. ஃபைனல் இயர் முடிச்சு வெளிய போறதுக்குள்ள உங்க வீட்லயும் ஒரு கல்யாணம் வரும். இந்த வேலை உங்ககிட்டதான் வரும்.

முதல்ல கணக்கு. ரெண்டு கேமராவும் சேர்த்து ஒன்பது மணி நேரக் காட்சி. ஒரு நொடிக்கு 100 மெகாபிட்ல பதிவான 4கே. அதாவது மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 405 ஜிபி. எங்க வீட்டு இணைப்புல அப்லோடு வேகம் 40 மெகாபிட். நிக்காம ஓடினாலே இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். அதனால ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுத்து ஒண்ணை வீட்ல வெச்சுக்கிட்டு, இன்னொண்ணைக் கூரியர்ல அனுப்பினோம். ஒரே ஒரு காப்பியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பஸ் ஏத்தி அனுப்பாதீங்க. கல்யாணத்துக்கு ரீடேக் கிடையாது.

அடுத்தது நீளம். எங்களுக்கு வேண்டிய முக்கியப் படம் நாலு நிமிஷ ஹைலைட். ஒன்பது மணி நேரம்னா 540 நிமிஷம். அதை நாலு நிமிஷமாக்கணும்னா 135 நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் தங்கும், 134 நிமிஷம் போயிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும்தான் குறிப்போட உண்மையான வேலை எனக்குப் புரிஞ்சது. எடிட்டர் அந்த மண்டபத்துல இல்லை. யாரு மாமா, யாரு மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு, யாரு சும்மா சாப்பிட வந்த பக்கத்துத் தெரு ஆளுன்னு அவருக்குத் தெரியாது. நல்ல வெளிச்சத்துல அழகா சிரிக்கிற முகத்தை எடுப்பாரு, மங்கலா ஆடுற ஷாட்டை விட்டுடுவாரு. அது அவர் தப்பே இல்லை. அங்க இருந்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை அங்க இல்லாதவருக்கு எழுதிக் கொடுக்கிறதுதான் இந்தக் குறிப்பு.

எங்க வீட்ல அப்படி ஒரு விஷயம் இருந்தது: ஆயா. அப்பாவோட அம்மா. தாத்தா போய் பதினோரு வருஷம் ஆகுது. அதனால முகூர்த்த நேரத்துல அவங்களே மேடைப் பக்கம் வரலை. யாரும் வேண்டாம்னு சொல்லலை, ஆனா யாரும் வாங்கன்னும் கூப்பிடலை. ஆசீர்வாதம் வாங்கினது, குடும்ப போட்டோ, தாய்மாமன் சீர், எதுலயும் ஆயா கிடையாது. கேமராமேன் மேடையைத்தான் எடுப்பாரு, எடிட்டர் மேடையிலேர்ந்துதான் எடுப்பாரு. ஆக, அக்காவை வளர்த்த ஆளு அக்கா கல்யாணப் படத்துல இல்லாமலே போக எல்லா வாய்ப்பும் இருந்தது.

ரெண்டு ராத்திரி உக்காந்து முழு ஃபுட்டேஜையும் வேகமா ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவது கேமராவுல, தாலி கட்டி முடிஞ்ச உடனே கூட்டத்தைக் காட்ட ஒரு திருப்பு. அதுல தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆயா அட்சதை போடுறாங்க. மேடை வரைக்கும் அது போய் விழாதுன்னு தெரிஞ்சும் கையை நல்லா ஓங்கிப் போடுறாங்க. மொத்தம் ரெண்டு நொடி. ஃபோக்கஸ் கொஞ்சம் விட்டிருக்கு. இன்னொண்ணு, முந்தின நாள் வீட்ல நலங்கு வெச்சப்போ ஓரமா உக்காந்து ஆயா பாடினது. அது ஸ்டூடியோ வர்றதுக்கு முன்னாடி. சித்தி தன் போன்ல எடுத்தது, 48 நொடி.

குறிப்புல "கண்டிப்பா வேணும்"னு ஒரு பட்டியல் போட்டேன். அதுக்கு ஒரு அளவு இருக்கு. ஹைலைட்ல ஒரு ஷாட் சராசரியா மூணு நொடி நிக்கும்னு வெச்சுக்கிட்டா நாலு நிமிஷத்துக்கு 80 ஷாட். அதுல அறுபதை நாமே சொல்லிட்டா அது படம் ஆகாது, வருகைப் பதிவேடு ஆகிடும். நாங்க பதினஞ்சோட நிறுத்தினோம். ஒவ்வொண்ணுக்கும் ஃபைல் பேரு, நேரம், யாரு, ஏன்னு ஒரு வரி. ஆயா வரி இப்படி இருந்தது: "`C2_0117.MP4`, 03:12லேர்ந்து ரெண்டு நொடி. தூண் பக்கம் வெள்ளைப் புடவை, அப்பாவோட அம்மா. ஃபோக்கஸ் போனாலும் பரவாயில்லை, எடுக்க வேண்டாம்." அந்த "ஏன்" ரொம்ப முக்கியம். இல்லைன்னா மங்கலான ஷாட்டை நாம தெரியாம சொல்லிட்டோம்னு நினைச்சு நல்ல மனசோட தூக்கிடுவாரு. கூடவே ரெண்டு வீட்டுப் பெரியவங்க பதினாலு பேரோட போட்டோவையும் பேர், உறவோட ஒரே ஷீட்ல போட்டு அனுப்பினேன்.

"வேண்டாம்" பட்டியலும் உண்டு. பந்தியில ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது, அது எந்த வெர்ஷன்லயும் வரக்கூடாது. மொய் எழுதுற மேசையை க்ளோசப்ல காட்டக்கூடாது. நோட்டுல தொகை தெரியுது.

ஸ்டைலுக்கு வருவோம். மாமா ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறாரு. நான் "வார்ம் கலர் வேணும்"னு எழுதி வெச்சிருந்ததைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "வெளிநாட்டு பார்ட்டி வெறும் பிரவுன்னு எழுதி அனுப்பினா நாங்க வேலையே ஆரம்பிக்க மாட்டோம்டா. உன் பிரவுன் வேற, அவன் பிரவுன் வேற. ஒரு துண்டுத் தோல் அனுப்பச் சொல்வோம். அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துதான் ஓகே பண்ணுவோம். முதல்ல ஒரு சாம்பிள் ஜோடி அப்ரூவ் ஆகணும், அப்புறம்தான் பல்க்"ன்னாரு. எனக்கு அதுலேயே முழு வழியும் கிடைச்சது.

தோல் துண்டுக்குப் பதிலா என்ன அனுப்புறது? அக்காவோட முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். அதை மொட்டை மாடியில காலை வெளிச்சத்துல மஞ்சள் கிழங்கோட வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். "எந்த கிரேடிங் போட்டாலும் அரக்கு அரக்காவே இருக்கணும், மஞ்சள் மஞ்சளாவே இருக்கணும். முகத்தை வெள்ளையாக்க வேண்டாம். எங்க வீட்ல எல்லாரும் மாநிறம், மாநிறமாவே இருக்கட்டும்"னு எழுதினேன். கடைசி வரியை எழுதாம விட்டா நிறைய எடிட்டருங்க பழக்கத்துலயே ஸ்கின்னைத் தூக்கி விட்டுடுவாங்க. அப்படி ஆகியிருக்கான்னு கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீங்க, வேட்டியைப் பாருங்க. வேட்டியில மடிப்பே தெரியாம வெறும் வெள்ளையா எரிஞ்சிருந்தா ஃபிரேம் மொத்தத்தையும் ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

வேகத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ் வீடியோ கொடுத்தோம். "இது மாதிரி"ன்னு லிங்க்கை மட்டும் அனுப்பினா போதாது. "0:40லேர்ந்து 1:10 வரைக்கும் கட் ஆகுற வேகம் பிடிச்சிருக்கு. 2:05ல வர்ற மின்னல் மாதிரியான டிரான்சிஷன் வேண்டாம்"னு நேரம் போட்டு எழுதினோம். ஸ்லோ மோஷன் கேட்கிறதுக்கு முன்னாடி ஃபுட்டேஜ்ல அது இருக்கான்னு பார்க்கணும். படம் ஓடப்போறது நொடிக்கு 25 ஃபிரேம். 50 ஃபிரேம்ல எடுத்ததைப் பாதி வேகத்துல சுத்தமா ஓட்டலாம். 25லேயே எடுத்ததை இழுத்தா திக்கித் திக்கி ஓடும். இல்லைன்னா சாஃப்ட்வேர் நடுவுல ஃபிரேமைக் கற்பனை பண்ணிச் சேர்க்கும், கை விரலும் பூச்சரமும் கரைஞ்ச மாதிரி தெரியும். எங்க ஃபுட்டேஜ்ல மாலை மாத்துறது 50, தாலி கட்டுறது 25. அதனால தாலியை நிஜ வேகத்துலயே வெக்கச் சொல்லிட்டோம்.

மியூசிக்தான் வீட்ல பெரிய சண்டை. அக்காவுக்கு ஒரு சினிமாப் பாட்டு வேணும், மாப்பிள்ளை வீட்டுக்கு வேற ஒண்ணு. இதுல சட்டம் ஒண்ணு குறுக்க வருது. நம்ம காப்புரிமைச் சட்டம் 1957, அதோட 52ஆவது பிரிவுல கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டின விழா இதுங்கள்ல பாட்டு போடுறதுக்கு விலக்கு இருக்கு. மண்டபத்துல பாட்டு ஓடினது அதுக்குள்ள வரும். ஆனா அதே பாட்டை எடுத்து வீடியோவுல ஒட்டி, யூடியூப்ல ஏத்துறது தனிக் கதை. யூடியூப்போட கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடிச்சதும் என்ன செய்யணும்னு முடிவு பண்றது பாட்டோட உரிமையாளர். விளம்பரம் போட்டு வருமானத்தை எடுத்துக்கலாம், இல்லை வீடியோவையே முடக்கலாம். பின்னணியில மண்டபத்து ஸ்பீக்கர் சத்தமா கேட்டாலும் அது பிடிக்கும்.

கல்யாணப் படமும் உரிமைப் பிரச்சினையும்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நயன்தாரா நெட்ஃபிளிக்ஸ் படம். 2022 ஜூன் 9ல மகாபலிபுரத்துல நடந்த கல்யாணம், படம் வந்தது 2024 நவம்பர் 18ல. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நயன்தாரா ஒரு திறந்த கடிதம் வெளியிட்டாங்க. 'நானும் ரௌடி தான்' படப்பிடிப்பு சம்பந்தப்பட்ட மூணு நொடிக் காட்சிக்காக தனுஷ் தரப்பு 10 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்குன்னு அதுல சொல்லியிருந்தாங்க. அப்புறம் தனுஷோட கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போச்சு. நம்ம மேல யாரும் 10 கோடி கேட்க மாட்டாங்க. ஆனா "கொஞ்ச நொடிதானே, பரவாயில்லை"ங்கிறது ஒரு விதி இல்லைன்னு அதுலேர்ந்து தெரிஞ்சுக்கலாம்.

நாங்க எடுத்த முடிவு இது. யூடியூப்ல போற ஹைலைட்டுக்கு லைசென்ஸ் வாங்கின இசை. எடிட்டர் சந்தா கட்டியிருக்கிற லைப்ரரியிலேர்ந்து எடுத்தாலும், அந்தப் பாட்டோட லைசென்ஸ் பேப்பரையும் எங்களுக்குத் தரணும். நாளைக்கு கிளெய்ம் வந்தா காட்ட அதுதான் இருக்கும். வீட்டு டிவிக்கு மட்டும் போற முழு நீளப் படத்துல அக்கா கேட்ட பாட்டு. அது எங்கேயும் அப்லோடு ஆகாது.

இசையை விட முக்கியமா ஒண்ணு எழுதினோம்: எங்க இசை வேண்டாம்கிறது. ரெண்டு இடம். ஒண்ணு, கெட்டிமேளம். பெரியப்பா பையன் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டூடியோ கொடுத்த வீடியோவுல தாலி கட்டுற நேரத்துக்கு மேல வயலின் இசையைப் போட்டு மூடிட்டாங்க. தவில்காரர் கை பறக்குது, சத்தம் மட்டும் வேற எங்கேயோ இருந்து வருது. அதனால "மாங்கல்யதாரணம் 20 நொடி, மேடையில பதிவான சத்தம் மட்டும்"னு எழுதினேன். ரெண்டாவது, ஆயா பாட்டு. அது பின்னணியில மெல்லிசா ஓடுற சத்தமா இல்லாம, ஹைலைட்டோட ஆரம்பமா வேணும். 48 நொடியில எந்தப் பன்னெண்டு நொடிங்கிறதை மட்டும் எடிட்டர் முடிவு பண்ணலாம்.

போன் வீடியோவுல ஒரு சிக்கல் உண்டு. நிறைய போன்கள் சீரான ஃபிரேம் வேகத்துல பதிவு பண்றதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்து 24, 28, 30ன்னு மாறிக்கிட்டே இருக்கும். எடிட்டிங் டைம்லைன்ல போட்டா முதல்ல சரியா இருக்கும். போகப் போக உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு விலகும். அனுப்புறதுக்கு முன்னாடி நாமே சீராக்கிட்டா அவருக்கு ஒரு தலைவலி குறையும்:

```
ffmpeg -i aaya.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le aaya_25.mov
```

ரெண்டு ஃபைலையும் அனுப்பினேன், ஒரிஜினலையும் சேர்த்து. வாட்ஸ்அப்ல வந்த காப்பியை எடுக்காம, சித்தி போனை வாங்கி கேபிள் போட்டு எடுத்தேன். வாட்ஸ்அப்ல வந்த வீடியோ ஏற்கெனவே நசுங்கினது.

கடைசியா, கைக்கு என்னென்ன வரணும். இங்கதான் "எல்லாம் கொடுத்துடறேன்பா"ன்னு வாய்வார்த்தையில முடியும், அப்புறம் மனஸ்தாபம் வரும். நாங்க நாலு எழுதினோம். நாலு நிமிஷ ஹைலைட், 4கேல. ஒரு நிமிஷ ரீல், `1080x1920`ல. அகலமா எடுத்ததை நடுவுல வெட்டித் தராம, ஒவ்வொரு ஷாட்லயும் ஆளு ஃபிரேமுக்குள்ள இருக்கிற மாதிரி நகர்த்தித் தரணும். 75 நிமிஷ முழு நீளப் படம். நாலாவது, ஹைலைட்டோட இசை இல்லாத இன்னொரு வெர்ஷன், நிஜ சத்தம் மட்டும். நாளைக்கு கிளெய்ம் ஏதாவது வந்து பாட்டை மாத்தணும்னா இது இருந்தா போதும், எடிட்டரைத் தேடிப் போக வேண்டாம்.

75 நிமிஷப் படத்துக்குப் பின்னாடி எங்க வீட்டு டிவி இருக்கு. பழைய டிவி. அது பென்டிரைவை FAT32ல இருந்தாதான் படிக்கும். FAT32ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 12 மெகாபிட்னு வெச்சா 75 நிமிஷத்துக்கு 6.75 ஜிபி வருது. அதனால "முந்தின நாள், முகூர்த்தம், அதுக்கு அப்புறம்"னு 25 நிமிஷமா மூணு பாகம், ஒவ்வொண்ணும் 2.25 ஜிபி, 1080p, `H.264`. புது கோடெக்ல கொடுத்தா லேப்டாப்ல ஓடும், ஆனா படத்தைப் பார்க்கப் போறது ஹால்ல உக்காந்திருக்கிற பெரியவங்க.

பேர் போடுறதுலயும் ஒரு கண் வேணும். சில சாஃப்ட்வேர் செட்டிங்ல தமிழ் எழுத்து சரியா ஒட்டாது. கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்கும். ரெண்டு பேரோட பேரையும் நாங்களே டைப் பண்ணி, பின்னணி இல்லாத PNG படமா அனுப்பிட்டோம். பத்திரிகையில இருக்கிற அதே எழுத்து. இனிஷியல்ல புள்ளி உட்பட.

திருத்தம் ரெண்டு முறை. வீட்ல ஆளுக்கொரு மெசேஜ் போடாம, எல்லாரோட கருத்தையும் ஒரே ஷீட்ல நேரம் போட்டு நான் அனுப்புவேன். ஹைலைட்டோட முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் முதல்ல காட்டணும். அது மாமா சொன்ன சாம்பிள் ஜோடி. கலரும் வேகமும் அதுல ஓகே ஆனா மிச்சத்தைப் பண்ணலாம். பணம் ஆரம்பத்துல 40 சதவீதம், முதல் முழு கட் பார்த்ததும் 40, நாலு ஃபைலும் கைக்கு வந்து டிவியில ஓடின பிறகு 20.

சாம்பிள் நிமிஷம் பத்தாவது நாள் வந்தது. அரக்கு சரியா இருந்தது. வேட்டியில மடிப்பு தெரிஞ்சது. ஆயா பாட்டுக்குக் கீழ மட்டும் ஒரு மெல்லிய தம்புரா ஓடிக்கிட்டு இருந்தது. "போன் ஆடியோ ரொம்ப வெறுமையா இருக்கு தம்பி, பின்னாடி குக்கர் விசில் வேற கேட்குது"ன்னாரு. அந்த விசில் இருக்கட்டும் அண்ணா, கல்யாண வீடுன்னா அது கேட்கும்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் குறிப்புல அந்த வரியை மறுபடி படிச்சிருப்பாருன்னு நினைக்கிறேன். "சரி, எடுத்துடறேன். எழுதித்தானே கொடுத்திருக்கீங்க"ன்னாரு.

முழுப் படத்துல அட்சதை ஷாட் 2:51ல வருது. ரெண்டே நொடி, கொஞ்சம் மங்கல். பென்டிரைவை டிவியில சொருகிப் போட்டுக் காட்டினப்போ ஆயாவுக்குப் பாட்டு தன்னோடதுன்னு உடனே தெரியலை. தூணைப் பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டாங்க. "அந்தப் பையன் அங்க வந்து என்னையும் புடிச்சானா?"ன்னு கேட்டாங்க. திரும்பப் போடச் சொன்னாங்க. மூணு முறை போட்டோம்.